முதலாளியின் பின்னால் அலையாமல் முடிவு வாங்குவது: திருப்பூர் பின்னலாடைக் கம்பெனிக்குப் புதிதாக வந்திருக்கும் மெர்ச்சண்டைசருக்கு

திருப்பூரில் ஐம்பது, நூறு தையல் இயந்திரங்கள் ஓடும் ஒரு நடுத்தர ஏற்றுமதிக் கம்பெனியில் நீங்கள் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பையர் அனுப்பும் மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுகிறீர்கள். நூல், நிட்டிங், சாயம், பிரிண்டிங், கட்டிங், தையல், பேக்கிங் என்று ஒவ்வொரு இடத்துக்கும் போன் செய்கிறீர்கள். எல்லாம் தெரிந்துகொண்டீர்கள். ஆனால் ஒரு ‘சரி’ வாங்குவதற்கு முதலாளியின் அறை வாசலில் நிற்பதிலேயே பாதி நாள் போய்விடுகிறது. உள்ளே வங்கிக்காரர் இருக்கிறார். அவர் போனதும் சாயப்பட்டறைக்காரர் வருகிறார். நீங்கள் உள்ளே போகும்போது போன் வருகிறது. அவர் கையை உயர்த்தி ‘அப்புறம்’ என்கிறார்.

நான் இந்த வேலையில் பதினேழு ஆண்டுகளாக இருக்கிறேன். மூன்று முதலாளிகளிடம் வேலை செய்திருக்கிறேன். மூவருமே வேலையில் மூழ்கிக் கிடப்பவர்கள். எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான். முதலாளியிடமிருந்து பதில் வராததற்கு அவருடைய நேரமின்மை பாதிக் காரணம். மீதிக் காரணம், நம் கேள்வி அரைகுறையாகப் போவது. அவர் பதில் சொல்ல வேண்டுமானால் நம்மிடம் திரும்ப ஐந்து கேள்விகள் கேட்க வேண்டியிருக்கிறது. அதற்கு நேரமில்லாததால் ‘பார்க்கலாம்’ என்று தள்ளிவைக்கிறார். அந்த ஐந்து கேள்விகளுக்கும் பதிலைச் சேர்த்தே கொண்டுபோனால், வாசலிலேயே நின்றபடி முடிவு சொல்லிவிடுவார். அதை எப்படிச் செய்வது என்று என் அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

முதல் வாரம்: அவருடைய நாளைக் கவனியுங்கள்

ஒரு சிறு நோட்டில் ஒரு வாரம் குறித்து வாருங்கள். எத்தனை மணிக்கு வருகிறார், எப்போது தளத்தைச் சுற்றுகிறார், எந்த நேரத்தில் அனுப்பிய செய்திக்கு உடனே பதில் வருகிறது, எதற்கு வருவதே இல்லை என்றெல்லாம் எழுதுங்கள். என் இப்போதைய முதலாளி காலை எட்டரைக்குக் கட்டிங் பகுதிக்கு வருவார். அங்கே பத்து நிமிடம் நிற்பார். அறைக்குள் நுழைந்த பிறகு கிடைக்காத பத்து நிமிடம் அங்கே கிடைக்கும். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் அவரிடம் எதையும் கேட்க முடியாது. அன்று மாலை வாரச் சம்பளம். தையலை ஒப்பந்தத்தில் எடுத்துச் செய்யும் பவர் டேபிள்காரர்களும் ஜாப் ஒர்க் பட்டறைக்காரர்களும் பணத்துக்கு வரிசையில் இருப்பார்கள். வெள்ளிக்கிழமை கேட்காமல் விட்ட கேள்விக்குத் திங்கட்கிழமைதான் பதில் என்பது திருப்பூரில் வேலை செய்யும் எவருக்கும் தெரிந்த கணக்கு. ஆனால் புதிதாக வருபவருக்கு இதை யாரும் சொல்வதில்லை.

மாத நாட்காட்டியும் உண்டு. நூற்பாலைகள் வழக்கமாக மாதத் தொடக்கத்தில் பின்னலாடைக்கான ஓசரி நூலின் விலையை அறிவிக்கும். விலை ஏறும் என்ற பேச்சு இருந்தால், கடைசி இரண்டு நாளும் முதலாளியின் மனம் முழுக்க நூல் புக்கிங்கில்தான் இருக்கும். உங்கள் ஆர்டருக்கு நூல் வேண்டுமென்றால் இருபத்தைந்தாம் தேதி வாக்கில் கேளுங்கள். முப்பதாம் தேதி லேபிள் அப்ரூவலை எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். எந்த விஷயத்தைச் சொன்னாலும் அவர் முதலில் கேட்கும் கேள்வி எது? ஒருவர் ‘கப்பல் தவறுமா?’ என்பார். இன்னொருவர் ‘யார் காசு?’ என்பார். மூன்றாமவர் ‘பையருக்குத் தெரியுமா?’ என்பார். அந்தக் கேள்விக்கான பதில்தான் உங்கள் செய்தியின் இரண்டாவது வரியாக இருக்க வேண்டும்.

எது உங்கள் கையில், எது அவர் கையில்

எல்லாவற்றையும் அவரிடம் கொண்டுபோனால் எதற்கும் பதில் கிடைக்காது. சேர்ந்த இரண்டாவது வாரத்தில், அவர் சற்று ஓய்வாக இருக்கும் ஒரு நேரத்தில், ஒரு வெள்ளைத் தாளோடு போய் உட்காருங்கள். ‘சார், எவற்றை நானே செய்துவிடலாம், எவற்றை உங்களிடம் கேட்க வேண்டும் என்று ஒரு பதினைந்து நிமிடம் பேசிக்கொள்ளலாமா?’ என்று கேளுங்கள். நான் கேட்ட எந்த முதலாளியும் இதற்கு மறுத்ததில்லை.

தாளில் மூன்று பகுதி போடுங்கள். முதலாவது, நீங்களே முடித்துவிட்டு மாலையில் தகவல் மட்டும் சொல்பவை. இரண்டாவது, ‘இப்படிச் செய்யப் போகிறேன், வேறு சொன்னால் நிறுத்துகிறேன்’ என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டு, குறித்த நேரம் கடந்ததும் செய்பவை. மூன்றாவது, அவர் வாயிலிருந்து சொல் வராமல் தொடக் கூடாதவை.

முதல் பகுதியில் மாதிரித் துண்டு கூரியர், காஸ்டிங்கில் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட விலைக்குள் வரும் பாலிபேக், ஸ்டிக்கர் போன்றவை வரும். ஒரு தொகை வரம்பையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு முதலில் ஐயாயிரம் ரூபாய் கொடுத்தார். ஓராண்டில் இருபத்தைந்தாயிரம் ஆனது. மூன்றாவது பகுதியில் பையரிடம் தேதி மாற்றிக் கேட்பது, விலைக் குறைப்புக்கு ஒப்புக்கொள்வது, சரக்கை விமானத்தில் அனுப்புவது, ஒரு சாயப்பட்டறையை மாற்றுவது, பெரிய முன்பணம் ஆகியவை வரும்.

கடினமானது நடுப் பகுதி. மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளலாம் என்ற அனுமதி இது. எனவே இதற்குள் எதை வைப்பது என்று நான் இரண்டு சோதனை வைத்திருக்கிறேன். செய்த பிறகு திருப்ப முடியுமா? செலவு காஸ்டிங்குக்குள் அடங்குமா? இரண்டுக்கும் ‘ஆம்’ என்றால் மட்டுமே நடுப் பகுதி. இரண்டு அட்டைப்பெட்டிக்காரர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பது, பிரிண்டிங்கை எந்தப் பட்டறைக்குக் கொடுப்பது, ஒரு தையல் லைனை அடுத்த ஸ்டைலுக்கு மாற்றுவது எல்லாம் இதில் சேரும். துணியை வெட்டுவது ஒருபோதும் சேராது. வெட்டிய துணியை ஒட்ட முடியாது.

இந்தப் பேச்சு இல்லாமல், நீங்களாகவே ‘நாளை பன்னிரண்டு மணிக்குள் பதில் வராவிட்டால் செய்துவிடுவேன்’ என்று எழுதத் தொடங்கிவிடாதீர்கள். அவருக்கு அது மிரட்டலாகப் படும். ஒருமுறை ஒத்துக்கொண்ட ஏற்பாடாக இருந்தால் அதே வரி அவருக்கு நிம்மதியைத் தரும்.

மாலைச் செய்தி

தினமும் ஒரே நேரத்தில் ஒரே ஒரு செய்தி. நான் மாலை ஆறரைக்கு அனுப்புகிறேன். பகலில் வந்த சின்னச் சின்னத் தகவல்களை வந்தவுடன் அனுப்பி வைப்பது புதியவர்கள் செய்யும் தவறு. நாற்பது செய்திகளில் முக்கியமான ஒன்று மூழ்கிவிடும். பிறகு ‘நான் சொன்னேனே சார்’ என்று சொல்ல மட்டுமே அது உதவும்.

செய்தியில் எல்லா ஆர்டரின் கதையும் வேண்டாம். நேற்றைக்கும் இன்றைக்கும் இடையே எது மாறியதோ அது மட்டும் போதும். என் செய்தி இப்படி இருக்கும்:

‘சார், வியாழன் மாலை.
முடிவு வேண்டியது: ஒன்று. போலோ காலர் நிட்டிங் விலை, நாளை மாலைக்குள்.
கவனம்: நேவி டி-ஷர்ட், 3ஆம் லாட் சாயம் நாளை வருகிறது. ஒரு நாள் தாமதம். கப்பலுக்குப் பாதிப்பு இல்லை.
நானே முடித்தவை: பாலிபேக் ஆர்டர் கொடுத்தாயிற்று, காஸ்டிங்கைவிடப் பத்துப் பைசா குறைவு.
மற்ற நான்கு ஆர்டரும் திட்டப்படி.’

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். மற்றவற்றைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் இருந்தால், அவற்றில் என்னவோ என்று அவர் மனம் போகும். இரவு ஒன்பது மணிக்குப் போன் வரும். மாறுதல் ஒன்றுமே இல்லாத நாளிலும் ‘எல்லாம் திட்டப்படி, முடிவு எதுவும் தேவையில்லை’ என்று ஒரு வரி அனுப்புங்கள். மூன்று வாரம் தவறாமல் வந்தால், இடையில் போன் செய்து விசாரிப்பது குறையும். எனக்கு அப்படித்தான் குறைந்தது. முன்பு ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை ‘அது என்ன ஆச்சு?’ என்று கேட்டவர், ஆறரைக்கு வரும் செய்திக்காகக் காத்திருக்கத் தொடங்கினார்.

முடிவு கேட்பது: ஒரு லாட்டின் கதை

இதுதான் கட்டுரையின் மையம், ஆகவே விரிவாகச் சொல்கிறேன். எண்களை எளிதாக்கியிருக்கிறேன்.

நேவி நிற டி-ஷர்ட் 12,000 பீஸ். முப்பதாம் நம்பர் கோம்ப்டு நூலில் சிங்கிள் ஜெர்சி, சதுர மீட்டருக்கு 150 கிராம், அதாவது 150 ஜிஎஸ்எம். ஒரு பீஸுக்குக் கட்டிங் கழிவும் சேர்த்து 190 கிராம் துணி. ஆக 2,280 கிலோ, 760 கிலோவாக மூன்று லாட்டில் சாயம். முதல் இரண்டு லாட்டும் பையர் ஒப்புக்கொண்ட சாய மாதிரித் துண்டான லேப் டிப்புக்குச் சரியாக வந்துவிட்டன. மூன்றாவது லாட் 12ஆம் தேதி வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு வந்தது. விரித்துப் பார்த்ததும் வெளிறித் தெரிந்தது. லைட் பாக்ஸில் வைத்து, பகல் வெளிச்சம் போன்ற டி65 விளக்கின் கீழும் கடை விளக்கின் கீழும் பார்த்தோம். இரண்டிலும் வெளிறல்தான். சரக்கு 26ஆம் தேதி தூத்துக்குடியில் இருக்க வேண்டும்.

எட்டு ஆண்டுகளுக்கு முந்தைய நானாக இருந்தால், உடனே ஒரு புகைப்படம் எடுத்து, ‘சார், நேவி லாட்டில் ஷேட் மாறி வந்திருக்கிறது, என்ன செய்யலாம்?’ என்று அனுப்பியிருப்பேன். அந்தச் செய்தியை முதலாளியின் இடத்திலிருந்து படித்துப் பாருங்கள். எந்த லாட்? எத்தனை கிலோ? வெளிறலா, கருத்ததா? பட்டறைக்காரர் என்ன சொல்கிறார்? எப்போதுக்குள் சொல்ல வேண்டும்? மேலும் போன் படத்தில் நிறம் அப்படியே தெரியாது. அவர் போனில் பார்ப்பது ஒரு நேவி, உங்கள் மேசையில் இருப்பது வேறொரு நேவி. இத்தனையும் தெரியாமல் அவர் என்ன முடிவைச் சொல்ல முடியும்?

நான் செய்தது இதுதான். முதலில் பட்டறைக்காரரிடம் பேசினேன். ஷேட் வெளிறி வந்தால் மேலே சாயம் சேர்த்துச் சரிசெய்வது எளிது. இதை டாப்பிங் என்பார்கள். கருத்து வந்திருந்தால் சாயத்தைக் கழற்ற வேண்டும், துணி நலிந்துவிடும், கதையே வேறு. எங்களுடையது வெளிறல் என்பதால் டாப்பிங் போதும். தவறு தங்களுடையது என்று அவர் ஒப்புக்கொண்டார், செலவும் அவருடையது. ஞாயிறும் பட்டறை ஓடும், சனி இரவு ஏற்றினால், துணி பிறகு சுருங்காமல் இருக்கச் செய்யும் காம்பாக்டிங்கும் முடித்து 16ஆம் தேதி மாலை தருவேன் என்றார்.

பிறகு கப்பலிலிருந்து பின்னோக்கி எண்ணினேன். 26 காலை துறைமுகம் என்றால், லாரி 25 இரவு புறப்பட வேண்டும். 25 காலை பையரின் இன்ஸ்பெக்‌ஷன். 23, 24 செக்கிங், அயர்னிங், பேக்கிங். மூன்றாம் லாட்டின் 4,000 பீஸுக்குத் தையல் நான்கு நாள், 18, 19, 20, 22. நடுவில் 21 ஞாயிறு. 17 கட்டிங். எனவே துணி 16 மாலை கையில் இருக்க வேண்டும். டாப்பிங் சனி இரவு தொடங்க வேண்டும். பட்டறைக்காரருக்குச் சனி மதியத்துக்குள் சொல்லியாக வேண்டும். முதலாளி சனி மதியத்துக்கு மேல் கிடைக்க மாட்டார். ஆக, கெடு சனி காலை பதினொரு மணி.

இந்தப் பின்னோக்கிய எண்ணிக்கைதான் புதியவர்கள் தவறவிடுவது. ‘அவசரம்’ என்று எழுதுவார்கள். முதலாளிக்கு வரும் எல்லாச் செய்தியும் அவசரம்தான். பதினொரு மணி என்று எழுதி, ஏன் பதினொரு மணி என்பதற்கு ஒரு வரி சேர்த்தால், அவர் மனத்தில் அது தனியாக நிற்கும். அந்தக் கெடு உண்மையாகவும் இருக்க வேண்டும். சும்மா இரண்டு நாள் முன்தள்ளிச் சொல்லிப் பாதுகாப்புத் தேடினால், ஒருமுறை கண்டுபிடித்துவிடுவார். பிறகு நீங்கள் சொல்லும் எந்தத் தேதிக்கும் மரியாதை இருக்காது.

மற்ற வழியையும் எண்ணிப் பார்த்தேன். டாப்பிங் செய்யாமல், இந்த லாட்டைத் தனியாக வெட்டித் தனிப் பெட்டிகளில் போட, பையரிடம் ஒப்புதல் கேட்கலாம். பையர் ஐரோப்பாவில். சனி, ஞாயிறு அவர்களுக்கு விடுமுறை. துண்டை ஸ்கேன் செய்து அனுப்பினாலும் 16ஆம் தேதிக்கு முன் பதில் வராது. மறுத்துவிட்டால் அன்றுதான் டாப்பிங் தொடங்கும். மூன்று நாளுக்கு மேல் போய்விடும். 4,000 பீஸ் விமானத்தில் போக வேண்டும். பெட்டியோடு சுமார் 700 கிலோ. ஏஜென்ட் அன்று சொன்ன விலை கிலோவுக்கு 300 ரூபாய். 2,10,000 ரூபாய்.

இவ்வளவையும் சேகரிக்க எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. ஆறு மணிக்கு இந்தச் செய்தியை எழுதினேன்:

‘சார், முடிவு வேண்டும். நாளை சனி காலை 11 மணிக்குள். சனி இரவு சாயம் ஏற்றினால்தான் கப்பல் கிடைக்கும்.
நேவி டி-ஷர்ட் 3ஆம் லாட், 760 கிலோ, 4,000 பீஸ், அப்ரூவ் ஆன ஷேடைவிட வெளிறி வந்திருக்கிறது. முதல் இரண்டு லாட்டும் சரி.
1. டாப்பிங். பட்டறைச் செலவு. துணி 16 மாலை. கப்பல் தவறாது. துணியின் மென்மை சற்றுக் குறையலாம், எடையைத் திரும்பச் சோதிப்போம்.
2. பையரிடம் ஒப்புதல் கேட்பது. பதில் 16க்கு முன் வராது. மறுத்தால் விமானம், சுமார் 2.1 லட்சம் நம் செலவு.
என் கருத்து 1.
துண்டு உங்கள் மேசையில் வைத்திருக்கிறேன். 1 அல்லது 2 என்று பதில் போதும்.’

துண்டு என்று நான் சொல்வது ஒரு வெள்ளை அட்டை. மேலே லேப் டிப், நடுவில் இரண்டாம் லாட், கீழே மூன்றாம் லாட், மூன்றும் ஒட்டினாற்போல் பின் செய்து, பக்கத்தில் லாட் எண்ணும் தேதியும் எழுதியது. இதைச் செய்ய ஐந்து நிமிடம். அவர் கண்ணால் பார்த்ததும் சந்தேகம் தீர்ந்துவிடும்.

முதல் வழியின் குறையையும் நான் மறைக்கவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். நீங்கள் பரிந்துரைக்கும் வழியை அழகாகவும் மற்றதை மோசமாகவும் காட்டினால், இரண்டாவது முறை அவர் நம்ப மாட்டார். எல்லாவற்றையும் திரும்ப விசாரிப்பார். நீங்கள் மிச்சப்படுத்திய நேரம் அத்தனையும் போய்விடும்.

பதில் வராதபோது

அன்று வெள்ளி இரவு பதில் வரவில்லை. வங்கிக் கூட்டத்தில் இருந்தார். நான் இரவில் திரும்பச் செய்தி அனுப்பவில்லை. கெடுவுக்கு முன்னால் ஒரே ஒரு நினைவூட்டல், அதுவும் வேறு வழியில் என்பது என் வழக்கம். செய்திக்குப் பதில் வரவில்லை என்றால், இன்னொரு செய்தி எதையும் மாற்றாது. நேரில் போங்கள், அல்லது போன் செய்யுங்கள்.

சனி காலை எட்டரைக்கு அட்டையோடு கட்டிங் பகுதியில் நின்றேன். ‘சார், நேவி ஷேட், பதினொன்றுக்குள்’ என்று மட்டும் சொல்லி அட்டையைக் கையில் கொடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ‘எடை குறைஞ்சா?’ என்று கேட்டார். ‘150க்குக் கீழே ஐந்து சதவீதம் வரை பையர் ஏற்பார், வந்ததும் நானே வெட்டி எடை போட்டுச் சொல்கிறேன்’ என்றேன். ‘ஒன்றே செய்’ என்றார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த ஒரு கேள்விக்கும் பதில் கையில் இல்லாமல் போயிருந்தால் மறுபடி ‘அப்புறம்’தான்.

அவர் ஊரில் இல்லை, விமானத்தில் இருக்கிறார் என்றால்? இதற்கு முன்கூட்டியே ஏற்பாடு வேண்டும். பயணம் தெரிந்த அன்றே கேளுங்கள்: ‘சார், நீங்கள் கிடைக்காத நேரத்தில் யாரிடம் கேட்கட்டும்?’ தயாரிப்பு மேலாளரா, கணக்கரா, அவர் மனைவியா? பெயரும், எதுவரை அவர் முடிவெடுக்கலாம் என்பதும் மாலைச் செய்தியில் ஒரு வரியாகப் பதிந்துவிட வேண்டும்.

சொல்லை எழுத்தாக்குவது

வாய்ச் சொல்லில் கிடைத்த முடிவைப் பத்து நிமிடத்துக்குள் எழுதி அனுப்புங்கள். ‘சார், காலை 8.40க்கு நீங்கள் சொன்னபடி நேவி 3ஆம் லாட் டாப்பிங் போகிறது. பட்டறைக்குச் சொல்லிவிட்டேன்.’ இதைக் குற்றச்சாட்டுக்கான சாட்சியாக நினைத்து எழுதக் கூடாது. அப்படி நினைத்தால் மொழியிலேயே தெரிந்துவிடும். ஒரு நாளில் நூறு முடிவு சொல்பவருக்கு எதைச் சொன்னோம் என்பது நினைவிருக்காது. தவறாகக் கேட்டிருந்தால் திருத்தவும் இது வாய்ப்புத் தருகிறது. ஒருமுறை ‘அனுப்பு’ என்று அவர் சொன்னதை நான் பையருக்கு என்று எடுத்துக்கொண்டேன். அவர் சொன்னது பட்டறைக்கு. நான் எழுதிய வரியைப் பார்த்து உடனே போன் செய்தார், தப்பித்தோம்.

அதே முடிவை ஒரு நோட்டிலும் எழுதுகிறேன். தேதி, ஆர்டர், என்ன கேட்டேன், என்ன சொன்னார், ஏன். ஆறு மாதம் கழித்து அந்த நோட்டைப் படித்தபோது, அவர் எந்த வகை விஷயத்தில் எப்படி முடிவெடுக்கிறார் என்பது எனக்கே தெரியத் தொடங்கியது. டாப்பிங்குக்கு எப்போதும் சரி என்கிறார். பையரிடம் தேதி கேட்பதற்கு எப்போதும் மறுக்கிறார். தெரிந்த பிறகு பாதிக் கேள்விகளை நடுப் பகுதிக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்டேன், கொடுத்தார்.

கெட்ட செய்தி

மாலைச் செய்திக்குக் காத்திருக்கக் கூடாத ஒன்று உண்டு. கப்பல் தவறும் என்றோ, பையர் கேன்சல் செய்யலாம் என்றோ தெரிந்தால் உடனே போன். நான் முதலில் வேலை செய்த கம்பெனியில் ஒரு மெயின் லேபிள் தாமதமாயிற்று. லேபிள்காரர் ‘நாளை’ என்றார். அடுத்த நாளும் ‘நாளை’. தந்துவிடுவார், முதலாளியைக் கலவரப்படுத்த வேண்டாம் என்று ஆறு நாள் பேசாமல் இருந்தேன். ஏழாம் நாள் சொன்னபோது தைத்த பீஸ்கள் லேபிளுக்காகக் கூடைகூடையாகக் கிடந்தன. அவர் கோபப்படவில்லை. ‘முதல் நாளே சொல்லியிருந்தால் அந்த ஆளிடம் நான் ஒரு போன் பேசியிருப்பேனே’ என்றார். அவர் பேசினார், மறுநாள் காலை லேபிள் வந்தது. ஆனால் ஆறு நாள் போனது போனதுதான். பாதிச் சரக்கு விமானத்தில் போயிற்று.

அன்றிலிருந்து ஒரு விதி வைத்திருக்கிறேன். ஒருவர் இரண்டாவது முறை ‘நாளை’ என்றால், அன்று மாலைச் செய்தியில் ‘கவனம்’ என்ற வரியில் அது போய்விடும். மூன்றாவது முறை என்றால் போன்.

இரண்டு முதலாளிகள் இருக்கும்போது

திருப்பூர்க் கம்பெனிகளில் அப்பாவும் மகனும் சேர்ந்து நடத்துவது சகஜம். பெரியவர் ஒன்று சொல்வார், சின்னவர் இன்னொன்று சொல்வார். புதியவர் நடுவில் மாட்டிக்கொள்வார். இதில் செய்யக் கூடாதது, தனக்குச் சாதகமான பதில் கிடைக்கும் என்று தெரிந்து ஒருவரிடம் மட்டும் கேட்பது. இருவரும் இரவுச் சாப்பாட்டில் பேசிக்கொள்வார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

முடிவு கேட்கும் செய்தியை இருவருக்கும் ஒன்றாகவே அனுப்புங்கள். யார் முதலில் பதில் சொல்கிறாரோ அதை உறுதி செய்யும் செய்தியும் இருவருக்கும் போகட்டும். பதில்கள் முரண்பட்டால் நீங்கள் தேர்ந்தெடுக்காதீர்கள். ‘பெரியவர் டாப்பிங் என்கிறார், சின்னவர் பையரிடம் கேள் என்கிறார், பதினொரு மணிக்குள் ஒரு சொல் வேண்டும்’ என்று யார் பக்கமும் சாயாமல் இருவருக்கும் எழுதுங்கள். பெரும்பாலும் பத்து நிமிடத்தில் ஒருவர் போன் செய்வார். நூலும் பணமும் பெரியவர் கையில், பையரும் ஷேடும் சின்னவர் கையில் என்று பல வீடுகளில் சொல்லாமலே ஒரு பிரிவினை இருக்கும். இரண்டு மாதம் நோட்டில் எழுதினால் அது தெரிந்துவிடும். தெரிந்ததும் முதலில் சொன்ன அந்த வெள்ளைத் தாளை மறுபடி எடுத்துக்கொண்டு, இம்முறை இருவரும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும் ஒரு காலையில் போங்கள்.

அந்த நேவி ஆர்டரில் டாப்பிங் முடிந்து 16ஆம் தேதி மாலை ஐந்து மணிக்குத் துணி வந்தது. வட்டமாக வெட்டி எடை போட்டேன், 146 இருந்தது. அன்றைய ஆறரை மணிச் செய்தியில் அதற்கு ஒரு வரிதான் எழுதினேன்: ‘நேவி 3ஆம் லாட் ஷேட் சரி, 146 ஜிஎஸ்எம், நாளை காலை கட்டிங்.’